பேப்பர் போட்ட நாளிலிருந்து கடைசி நாள் வரை: 61 நாட்களின் நிகழ்வு ஆய்வு

2025 மார்ச் 3, திங்கட்கிழமை காலையில் பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா கொடுத்தேன். மே 2, வெள்ளிக்கிழமை மாலை ஐடி கார்டையும் லேப்டாப்பையும் ஒப்படைத்தேன். நடுவில் 61 நாட்கள். என் நோட்டீஸ் காலம் 90 நாள். மீதி 29 நாளை எப்படிச் சரிக்கட்டினேன், கடிதத்தில் என்ன எழுதினேன், கேடி, அதாவது அடுத்தவருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்கும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், என்ற பெயரில் உண்மையில் என்ன கைமாறியது, எதைத் தவறவிட்டேன் என்பதைத் தேதி வாரியாக எழுதி வைக்கிறேன். சென்னையில் நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் நிறுவனம், கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கு வசூல் மென்பொருள் செய்து தருகிறது. நான் அங்கே சேர்ந்தது 2020 ஜூலை 1. நிறுவனத்தின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை, இங்கே நடந்தவை எல்லா இடத்திலும் நடப்பவைதான்.

புது இடத்து ஆஃபர் கடிதம் பிப்ரவரி 27 அன்று வந்தது. "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று அதற்கு ஒன்பது நாள் முன்பே போனில் சொல்லிவிட்டார்கள். நான் அசையவில்லை. சம்பளப் பிரிவு, பதவி, சேர வேண்டிய தேதி மூன்றும் கையெழுத்தோடு வந்த பிறகுதான் இங்கே வாய் திறந்தேன். சேரும் தேதி மே 5 என்று போட்டிருந்தது. எங்கள் வேலையில் 90 நாள் நோட்டீஸ் என்று தெரிந்தேதான் அந்தத் தேதியைப் போட்டார்கள், "முயற்சி பண்ணுங்க, முடியலைன்னா ஜூன் முதல் வாரம் வரை தள்ளலாம்" என்றார்கள். அந்த ஜூன் சலுகையையும் ஒரு மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். அது கையில் இல்லாமல் மே 2-க்கு விடச்சொல்லி நான் கேட்டிருக்கவே மாட்டேன், ஏனென்றால் இவர்கள் மறுத்துவிட்டால் எனக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

கடிதம்

முதலில் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். கடந்த இரண்டு வருடமாகக் கிடைக்காத பதவி உயர்வு, ஆள் எடுக்கிறோம் என்று சொல்லி எடுக்காதது, ராத்திரி அழைப்புகள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் உண்மை. எழுதி முடித்து ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் படித்தபோது, இந்தக் கடிதத்தை வாசிக்கப்போவது யார் என்று யோசித்தேன். மேனேஜர் ஒருமுறை படிப்பார். எச்ஆரில் ஒருவர் தேதியை மட்டும் பார்ப்பார். கணக்குப் பிரிவில் ஒருவர் அந்தத் தேதியை வைத்து நாள் எண்ணுவார். அப்புறம் அது கோப்பில் கிடக்கும். மனக்குறையைச் சொல்ல எக்ஸிட் இன்டர்வியூ இருக்கிறது, அங்கே சொன்னேன். கடிதத்தில் இருக்க வேண்டியது தேதியும், அந்தத் தேதியை நான் எப்படிக் கணக்கிட்டேன் என்பதும்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "ராஜினாமா செய்ய விரும்புகிறேன், அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்தேன். விருப்பம் என்று எழுதினால் அது வேண்டுகோள். வேண்டுகோளுக்குப் பதில் வரும் வரை நோட்டீஸ் தொடங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? அதை மாற்றினேன். அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போன கடிதம் தமிழில் இப்படி இருக்கும்:

> பொருள்: ராஜினாமா, கடைசி வேலை நாள் 31 மே 2025
>
> வணக்கம். வேறொரு வாய்ப்பை ஏற்றுக்கொண்டிருப்பதால், மூத்த மென்பொருள் உருவாக்குநர் பணியிலிருந்து இன்று, 3 மார்ச் 2025 அன்று, ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள 90 நாள் நோட்டீஸை இன்றைய நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் என் கடைசி நாள் 31 மே 2025.
>
> என் பொறுப்பில் உள்ள வேலைகளை ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் முழுமையாகக் கைமாற்றித் தர முடியும் என்று கருதுகிறேன். அதற்கு மார்ச் 14-க்குள் பொறுப்பேற்பவர் யார் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். கைமாற்றம் உங்களுக்குத் திருப்தியாக முடிந்தால் என்னை 2 மே 2025 அன்று விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். குறையும் நாட்களை நியமனக் கடிதத்தின் விதிப்படி சரிசெய்துகொள்ளலாம்.
>
> இங்கே கற்றுக்கொண்டவற்றுக்கு நன்றி.

ராஜினாமா அறிவிப்பு ஒரு பத்தி, முன்கூட்டியே விடச்சொல்லும் வேண்டுகோள் இன்னொரு பத்தி. இரண்டையும் வேண்டுமென்றே பிரித்தேன். வேண்டுகோள் மறுக்கப்பட்டாலும் முதல் பத்தி அப்படியே நிற்கும்.

"இன்றைய நாளையும் சேர்த்து" என்பது தேவையா என்று ஒரு நண்பர் கேட்டார். தேவை. மார்ச் 3-ஐச் சேர்த்து எண்ணினால் 90-வது நாள் மே 31, சனிக்கிழமை. மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூன் 1. சில நிறுவனங்களில் 90 நாள் என்று இருக்காது, மூன்று மாதம் என்று இருக்கும், அப்படியானால் ஜூன் 2. ஒரே கடிதத்துக்கு மூன்று கடைசித் தேதிகள். ஒரு நாள்தானே என்று தோன்றும், ஆனால் அந்த ஒரு நாள் கடைசியில் பணமாக மாறும்.

மாறவும் பார்த்தது. மெயில் அனுப்பிய அன்று மதியமே மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். "என்னப்பா, திடீர்னு? எவ்வளவு எதிர்பார்க்கறன்னு சொல்லு, மேல பேசிப் பாக்கறேன்" என்றார். சம்பளம் மட்டும் காரணமில்லை, அங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "சரி, போர்ட்டல்ல இப்ப போடாத, இந்த வாரம் மட்டும் பொறு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை, எதிர் ஆஃபர் ஒன்று வாங்கித் தர அவருக்கு அவகாசம் தேவைப்பட்டது. அவர் முகத்துக்காகப் பொறுத்தேன், வியாழக்கிழமை, மார்ச் 6 அன்றுதான் எச்ஆர் போர்ட்டலில் பதிந்தேன். போர்ட்டல் உடனே கடைசி நாள் ஜூன் 3 என்று தானாகக் காட்டியது. அது பதிந்த தேதியிலிருந்துதான் எண்ணும், என் மெயில் அதற்குத் தெரியாது. அன்றே எச்ஆருக்கு மார்ச் 3 மெயிலை இணைத்து எழுதினேன், இரண்டு நாளில் மே 31 என்று திருத்தினார்கள். மெயில் மட்டும் இல்லாமல் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாளும் போயிருக்கும்.

29 நாள் கணக்கு

மே 2 வரை எண்ணினால் மார்ச்சில் 29, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 2, ஆக 61 நாள் ஆகிறது. குறைவது 29 நாள். இதைப் பணம் கட்டித் தீர்ப்பதைத்தான் பை-அவுட் என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கு? எனக்கு மாதச் சம்பளம் எல்லாம் சேர்த்து ரூ. 1,20,000. அதில் அடிப்படைச் சம்பளம் ரூ. 48,000. அடிப்படையை 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,600, 29 நாளுக்கு 46,400. மொத்தச் சம்பளத்தின் மேல் போட்டால் நாளுக்கு 4,000, 29 நாளுக்கு 1,16,000. கிட்டத்தட்ட 70,000 ரூபாய் வித்தியாசம். என் நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் என்று தெளிவாக இருந்தது, ஆனால் எச்ஆரில் முதலில் பேசியவர் மொத்தச் சம்பளம் என்றுதான் சொன்னார். கடிதத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் சரி என்றார்கள்.

எடுக்காமல் மீதமிருந்த ஈட்டிய விடுப்பு 11 நாள். அதை நோட்டீஸில் கழிப்பது அந்தந்த நிறுவனக் கொள்கையைப் பொறுத்தது, உரிமை என்று கேட்க முடியாது. எங்கள் கொள்கையில் மேனேஜர் ஒப்புதலோடு கழிக்கலாம் என்று இருந்தது. ஆக 18 நாள், ரூ. 28,800. புது நிறுவனம் அதை ஈடுகட்டித் தருவதாகச் சொன்னது, ஆனால் அப்படித் தருவதைச் சம்பளமாகவே காட்டி வரி பிடிப்பார்கள் என்பதால் கையில் வந்தது முழுத் தொகை இல்லை.

ஒரு விஷயம். நோட்டீஸ் முடியும் வரை ஒருவரைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கச் சட்டத்தில் வழியில்லை, தனிநபர் உழைப்புக்கான ஒப்பந்தத்தை நீதிமன்றம் அப்படியே நிறைவேற்றச் சொல்லாது, இழப்புக்குப் பணம்தான் கேட்கலாம். இதை நம்பிச் சிலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். ஆனால் ரிலீவிங் லெட்டர் பழைய இடத்தின் கையில்தான் இருக்கிறது, அது இல்லாமல் அடுத்த இடத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வோம். அதனால் 2 மே என்ற தேதியை நான் சட்டம் பேசி வாங்கப் பார்க்கவில்லை. கேடியை முடித்துக் காட்டித்தான் வாங்கினேன்.

கேடி

பொறுப்பேற்க வந்தவர் என் டீமிலேயே இரண்டு வருட அனுபவமுள்ள பெண், திருநெல்வேலிப் பக்கம். மார்ச் 12 அன்று அறிவித்தார்கள். கடிதத்தில் 14 என்று தேதி போட்டதால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். நான் பார்த்த பல கேடிகளில் ஆள் யார் என்று தெரிவதே கடைசி மூன்று வாரத்தில்தான், அதற்குள் போகிறவரின் மனம் புது இடத்துக்குப் போய்விட்டிருக்கும்.

வழக்கமாக எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் தொடங்கினேன். ஆவணம் எழுதுவது, படம் வரைவது, ஒரு மணி நேர அமர்வுகளைப் பதிவு செய்வது. ஒரு வாரம் போனதும் ஒரு சந்தேகம் வந்தது. எனக்கு எது முக்கியமாகத் தோன்றுகிறதோ அதைத்தான் நான் எழுதுகிறேன். நான் போன பிறகு எது ஓடாமல் நிற்கும் என்பது வேறு கேள்வி. என் கணக்கை முடக்கிய நிமிடத்தில் எதெல்லாம் உடையும்? அந்தக் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

முதலில் நிரல்களின் சோர்ஸ் கோடு. கடந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் தொட்ட கோப்புகள் எவை என்று பார்த்தேன்:

```
git log --since="2 years ago" --author="$(git config user.email)" \
  --name-only --format= | sort | uniq -c | sort -rn | head -20
```

இந்தப் பட்டியல் மட்டும் போதாது. நான் அதிகம் தொட்ட கோப்பை மற்றவர்களும் தொட்டிருந்தால் கவலை இல்லை. ஒவ்வொரு அடைவுக்கும் `git shortlog -sn HEAD -- <path>` போட்டு, என் பெயர் மட்டும் வருகிற இடங்களைக் குறித்தேன். அப்படி வந்தவை மூன்று. அதில் ஒன்று ரீகன்சிலியேஷன், அதாவது கடன்காரர்கள் கட்டிய பணத்தை வங்கி அனுப்பும் கோப்போடு ஒப்பிட்டு யாருடைய தவணை தீர்ந்தது என்று பதிகிற நிரல். ராத்திரி 2:15-க்கு ஓடும். அது ஓடாவிட்டால் பணம் கட்டியவருக்கும் காலையில் "தவணை பாக்கி" என்று குறுஞ்செய்தி போய்விடும். பணம் கட்டிய ஒரு மனிதருக்கு அப்படிச் செய்தி போவது எவ்வளவு கஷ்டம் என்று ஆதரவுப் பிரிவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

அடுத்து சர்வர். என் பெயரில் எது ஓடுகிறது, எந்த அமைப்புக் கோப்பு என் வீட்டு அடைவைக் காட்டுகிறது?

```
crontab -l
sudo grep -rIlF "/home/$USER" /etc /opt 2>/dev/null
```

ரீகன்சிலியேஷன் என் சொந்தப் பயனர் கணக்கின் கிரானில்தான், அதாவது குறித்த நேரத்தில் நிரலைத் தானாகத் தொடங்கும் வசதியில்தான், ஓடிக்கொண்டிருந்தது. 2021-இல் "தற்காலிகமாக" நானே வைத்தது. சரி, கணக்கை முடக்கினால் நிற்குமா என்று சோதித்துவிடலாம் என்று ஐடி பிரிவிடம் கேட்டேன். மார்ச் 25 இரவு என் கணக்கை `passwd -l` போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் காலை பார்த்தால் நிரல் சரியாக ஓடியிருந்தது. எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் `passwd -l` கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும். எஸ்எஸ்எச் சாவி இருந்தால் அந்தக் கணக்கில் அப்போதும் நுழையலாம், கிரானும் ஓடும். விலகுகிறவரின் கணக்கை இவர்கள் உண்மையில் எப்படி மூடுவார்கள் என்று கேட்டேன். கணக்கைக் காலாவதியாக்கி, 30 நாள் கழித்து அழிப்போம் என்றார்கள். அப்படியானால் சோதனையும் அதுதான்:

```
sudo usermod --expiredate 1 "$USER"
```

அன்றிரவு 2:15-க்கு நிரல் ஓடவில்லை. சர்வர் பதிவில் இருந்தது ஒரே வரி, `pam_unix(cron:account)` என்று தொடங்கி கணக்கு காலாவதியானது என்று சொன்னது. நிரலே தொடங்காததால் நிரலின் பதிவுக் கோப்பில் பிழை எதுவும் இல்லை, நாங்கள் வைத்திருந்த எச்சரிக்கை "பிழை வந்தால் மெயில் அனுப்பு" என்ற வகை என்பதால் அதுவும் வாய் திறக்கவில்லை. இப்படித்தான் இது மே மாதத்தில் யாருக்கும் தெரியாமல் நின்றிருக்கும். சோதனை என்பதால் காலை ஐந்து மணிக்கே விழித்திருந்து கையால் ஓட்டினோம், குறுஞ்செய்தி எதுவும் தவறாகப் போகவில்லை. அந்த வாரத்திலேயே நிரலை ஒரு சேவைக் கணக்குக்கு மாற்றி, "2:45-க்குள் முடிந்தது என்ற தகவல் வராவிட்டால் எச்சரி" என்று எச்சரிக்கையைத் திருப்பிப் போட்டோம். அதே சோதனையில் என் கிட் கணக்கையும் முடக்கியதும் பில்ட் லைன் அனுமதி இல்லை என்ற 401 பிழையோடு நின்றது, அதில் இருந்தது என் தனிப்பட்ட டோக்கன். அதை மாற்றப் பத்து நிமிடம்.

கணக்கை முடக்கிப் பார்ப்பதால் வெளியே வராத விஷயங்களும் உண்டு. வங்கியின் இணையத் தளத்தில் நிறுவனக் கணக்குக்குள் நுழைய ஓடிபி வரும், அது என் சொந்த மொபைல் எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. நான் இருக்கும் வரை அது யாருக்கும் தெரியாது, யாராவது கேட்டால் எண்ணைப் படித்துச் சொல்லிவிடுவேன். அந்த எண்ணை மாற்ற நிறுவன லெட்டர்ஹெட்டில், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு, வங்கிக் கிளைக்குக் கடிதம் போக வேண்டும். போனது. மாறுவதற்கு ஒன்பது வேலை நாள் ஆனது. கடைசி வாரத்தில் கண்டுபிடித்திருந்தால், நான் போன பிறகும் என் போனுக்குத்தான் ஓடிபி வந்துகொண்டிருக்கும், அது எனக்கும் நல்லதில்லை, அவர்களுக்கும் நல்லதில்லை. இதைக் கண்டுபிடித்தது மெயில் தேடலில். கடந்த ஒரு வருடத்தில் வெளியிலிருந்து எனக்கு மட்டும் வந்த மெயில்களை, டீம் முகவரி சேராதவற்றை, உட்கார்ந்து பார்த்தேன். ஓடிபி பதிவு, வங்கிக் கோப்பின் வடிவ மாற்ற அறிவிப்பு, எஸ்எம்எஸ் சேவையின் இருப்பு குறைகிறது என்ற எச்சரிக்கை மூன்றும் என் பெட்டிக்கு மட்டுமே வந்துகொண்டிருந்தன.

ஏப்ரல் 2

மார்ச் கடைசியில் நான் விளக்குவதை நிறுத்திவிட்டு, பொறுப்பேற்க வந்தவரை விளக்கச் சொன்னேன். ரிவர்ஸ் கேடி. அவர் திரையைப் பகிர்ந்து ரீகன்சிலியேஷனை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார், நான் கேள்வி மட்டும் கேட்டேன், கீபோர்டில் கை வைக்கவில்லை. நன்றாகச் சொன்னார். முடிந்தது என்று இருவருமே நினைத்தோம்.

ஏப்ரல் 2, புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் போன். "அண்ணா, நேத்து ராத்திரி தொடங்கியிருக்கு, ஆனா முடியல. ஃபைல் வரலைன்னு நிக்குது. வங்கில கேக்கட்டுமா?"

பதில் எனக்கு அந்த நொடியே தெரிந்தது. ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், வாடிக்கையாளர்களுக்கு விடுமுறை, அந்தத் தேதிக்கு எங்களுக்குக் கோப்பு வராது. ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் நிரலுக்குத் தெரியும். எங்கள் அலுவலக விடுமுறைப் பட்டியலையும் வருடா வருடம் ஏற்றிவிடுவேன். ஏப்ரல் 1 அந்தப் பட்டியலில் இருக்காது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 2 காலையில் நான் அந்தத் தேதியைத் தாண்டச் சொல்லிக் கையால் ஓட்டியிருக்கிறேன். நான்கு வருடமும். நான் எழுதிய 31 பக்க ஆவணத்தில் அது ஒரு வரிகூட இல்லை. மறைக்கவில்லை, எனக்கே அது ஒரு வேலையாகத் தோன்றியதில்லை.

பதிலைச் சொல்லாமல், "நேத்து என்ன தேதிம்மா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. "ஏப்ரல் ஒண்ணு… பேங்க் லீவு. அப்ப ஸ்கிப் பண்ணி ஓட்டணும், இல்லையாண்ணா?" என்றார். அவரே ஓட்டினார். எட்டரைக்கு முடிந்தது, ஒன்பது மணிக் குறுஞ்செய்திக்கு முன்னால். மதியம் வங்கி விடுமுறைகளைத் தனிப் பட்டியலாக நிரலுக்குள் சேர்த்ததும் அவர்தான், அந்த அடைவில் என் பெயரைத் தவிர இன்னொரு பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

அந்த நாளுக்குப் பிறகு கேடியின் முறையை மாற்றினேன். ஆவணத்தில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. 2024 காலண்டரைத் திறந்து மாதம் மாதமாக, "இந்த மாதத்தில் நான் கையால் என்ன செய்தேன்" என்று நினைவுபடுத்திச் சொன்னேன், அவர் எழுதினார். நிதியாண்டு முடிவு, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கோப்பு இரண்டு மடங்காக வருவது, பிப்ரவரி மாதத் தவணைத் தேதி 29, 30, 31 என்று இருப்பவர்களுக்கு வரும் சிக்கல் என்று ஏழு விஷயம் வெளியே வந்தது. மூன்று மணி நேரம். நான் செலவழித்த நேரத்திலேயே அதிகம் பயன்பட்டது அந்த மூன்று மணி நேரம்தான்.

ஏப்ரல் 7 முதல் 11 வரை ஒரு வாரம், அழைப்பு வந்தால் அவர்தான் எடுக்க வேண்டும், அவர் கேட்டால் மட்டும் நான் பதில் சொல்வேன் என்று வைத்துக்கொண்டோம். மூன்று பிரச்சினை வந்தது, இரண்டை அவரே முடித்தார். 11-ஆம் தேதி மாலை மேனேஜருக்கு ஒரு மெயில், என்னென்ன கைமாறியது, யார் பெயருக்கு மாறியது, எது பாக்கி என்று. மூன்று நாள் கழித்து, "மே 2-க்கு விடுவிக்க ஒப்புதல், 11 நாள் விடுப்பு கழிக்கப்படும், மீதி 18 நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தின்படி பிடித்தம்" என்று எச்ஆரை இணைத்துப் பதில் வந்தது. அந்த ஒரு மெயிலைத்தான் மே 5 அன்று புது இடத்தில் காட்டினேன், ரிலீவிங் லெட்டர் மே 19-தான் வந்தது.

போன பிறகு

கணக்கு முடிக்கும் தாள் ஜூன் நடுவில் வந்தது. பிடித்தம் 28,800 என்று சரியாக இருந்தது, ஆனால் பணிக்கொடை இல்லை. ஐந்து வருடம் முடியவில்லை என்றார்கள். 2020 ஜூலை 1 முதல் 2025 மே 2 வரை நான்கு வருடம் பத்து மாதம், உண்மைதான். ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தில் ஒரு வருடத்துக்குத் தொடர்ச்சியான பணி என்றால் என்ன என்பதற்கு நாள் கணக்கு இருந்தது, வாரம் ஆறு நாள் வேலை என்றால் 240, அதற்குக் குறைவான நாட்கள் என்றால் 190. நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் அந்த நாட்களைத் தாண்டியவருக்கும் ஐந்து வருடமாகவே கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐந்தாம் வருடத்தில் எனக்கு 306 நாட்காட்டி நாள், வாரம் ஐந்து நாள் வேலை, விடுமுறைகளைக் கழித்தாலும் 190-ஐத் தாண்டும். எழுத்தில் விண்ணப்பித்து அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டேன். 48,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஐந்து வருடத்துக்குப் போட்டால் ரூ. 1,38,462. ஜூலையில் தந்தார்கள். எல்லா நிறுவனமும் தரும் என்று சொல்ல மாட்டேன், மற்ற உயர் நீதிமன்ற எல்லைகளில் வாதம் நடக்கலாம், ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் நிச்சயம் வந்திருக்காது.

பிஎஃப் தளத்தில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிறுவனம் பதியாவிட்டால் கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம். ஏப்ரல் மாதச் சம்பளம் பழைய இடத்திலும் மீதி புது இடத்திலும் வருவதால், பழைய வருமானத்தைப் புது இடத்தில் தெரிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் 75,000 நிலைக்கழிவைத் தனித்தனியாகக் கொடுத்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரி பாக்கி நிற்கும்.

ஜூன் 18 காலையில், என் பொறுப்பை ஏற்றவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வங்கிக் கோப்பைக் குறியாக்கம் செய்து சேமிக்கும் பிஜிபி சாவி முந்தைய இரவு காலாவதியாகியிருந்தது. 2023 ஜூனில் நான் உருவாக்கியது, இரண்டு வருடக் காலம் வைத்து. நான் தேடிய மெயில்கள் ஒரு வருடத்துக்கு மட்டும், காலண்டரும் 2024 மட்டும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது என் வலையில் விழவே இல்லை. `gpg --list-keys` போட்டிருந்தால் காலாவதித் தேதி கண்முன்னே இருந்திருக்கும். 2:45 எச்சரிக்கை அவரை எழுப்பியிருக்கிறது, சாவியின் காலத்தை நீட்டி மூன்றரைக்கெல்லாம் ஓட்டிவிட்டார். எனக்குச் செய்தி அனுப்பியது உதவி கேட்டு இல்லை. "அண்ணா, இத மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தார். எஸ்எம்எஸ் சேவையில் அனுப்புநர் பெயர்ப் பதிவு இருக்கிறது, அதன் தேதியைப் பார்த்துவிடுங்கள் என்று எழுதினேன்.